மூன்று சதவீதமும் இருபத்திரண்டு சதவீதமும்

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒற்றைத் தாளை தொழிலாளர் அலுவலரின் மேசையில் வைத்தபோது அவர் குரலில் நம்பிக்கை நிறைந்திருந்தது. தாளில் இரண்டே வரிகள். பிரிவில் உள்ள ஆண்களின் சராசரி மாதச் சம்பளம் 9,600 ரூபாய், பெண்களின் சராசரி மாதச் சம்பளம் 9,300 ரூபாய். வித்தியாசம் 300 ரூபாய், அதாவது 3.1 சதவீதம். "அனுபவத்தில் ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். இதற்குப் பாகுபாடு என்று பெயர் சூட்டினால் எந்த நிறுவனம் தாங்கும்?" என்று கேட்டார். கணக்கில் தப்பு எதுவும் இல்லை. கூட்டலும் வகுத்தலும் சரி, பதிவேட்டில் இருந்த தொகைகளும் சரி. ஆனாலும் அந்தத் தாள் உண்மையைச் சொல்லவில்லை. அது எப்படி என்பதைக் காட்டுவதுதான் அந்த வழக்கில் எனக்கு முக்கியமான வேலையாக இருந்தது.

மனுதாரர்கள் ஐந்து பெண்கள். அவர்களில் முதலில் என்னிடம் வந்தவர் மேல்சித்தாமூர்க்காரர். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் உள்ளடங்கிக் கிடக்கும் ஊர் அது. தமிழ்ச் சமணர்களின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரியும். சுற்றியுள்ள நிலங்களில் நெல்லும் மணிலாவும் விளைகின்றன. மணிலாவை வாங்கி, உடைத்து, தரம் பிரித்து, மூட்டை போட்டு அனுப்பும் ஒரு தனியார் நிறுவனத்தில் அந்த அம்மா தரம் பார்க்கும் பிரிவில் ஆறு வருடமாக மாதச் சம்பளத்தில் இருந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. 2015-ஐ ஒட்டிய காலம். சம ஊதியச் சட்டம், 1976 அப்போது நடப்பில் இருந்தது.

அவர் வரும்போதே பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு பக்கத்தில் பதினொரு பேரின் சம்பளத்தையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இந்த விவரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "சம்பள நோட்டுல ரெவின்யூ ஸ்டாம்ப் மேல கையெழுத்துப் போடறப்ப மேல் வரியும் கீழ் வரியும் கண்ணுல படாம இருக்குமா சார்? என்கூட ஒரே மாசத்துல சேந்த பையனுக்கு எட்டாயிரத்து அறுநூறு, எனக்கு ஆறாயிரத்து அறுநூறு. அவன் பாக்கற அதே வேலையத்தான் நானும் பாக்கறேன்" என்றார். பின்னால் நிறுவனம் தாக்கல் செய்த பதிவேட்டோடு ஒப்பிட்டபோது அந்த நோட்டுப் பக்கத்தில் ஒரு தொகைகூட மாறியிருக்கவில்லை.

அந்தத் தொகைகளை இங்கே தருகிறேன், ஏனென்றால் வழக்கு முழுவதும் அவற்றுக்குள்தான் இருந்தது. ஆண்கள் ஐந்து பேர்: 8,400, 8,500, 8,600, 8,800, 13,700. கடைசித் தொகை பிரிவின் மேற்பார்வையாளருடையது. பெண்கள் ஆறு பேர்: 6,400, 6,400, 6,600, 6,800, 6,900, 22,700. இதில் கடைசித் தொகை ஆய்வகப் பொறுப்பில் இருந்த வேதியியல் பட்டதாரிப் பெண்ணுடையது. பூஞ்சை நச்சுச் சோதனை அவர் கையில் இருந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் சரக்கு நகராது.

ஆண்களின் ஐந்து தொகைகளைக் கூட்டினால் 48,000. ஐந்தால் வகுத்தால் 9,600. பெண்களின் ஆறு தொகைகளைக் கூட்டினால் 55,800. ஆறால் வகுத்தால் 9,300. எதிர்த்தரப்புத் தாளில் இருந்தது இதுதான். ஆனால் 9,300 ரூபாய் வாங்கும் பெண் அந்தப் பிரிவில் ஒருவர்கூட இல்லை. ஐந்து பேர் ஏழாயிரத்துக்குக் கீழே இருக்கிறார்கள், ஒருவர் இருபத்திரண்டாயிரத்துக்கு மேலே இருக்கிறார். அந்த ஒருவருடைய சம்பளம் மற்ற ஐவரின் குறையையும் கணக்கில் மூடிவிட்டது.

அதிகாரியிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். இரண்டு வரிசைகளையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதி, நடுவில் நிற்பவர் யார் என்று பார்க்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் இடைநிலை அளவு என்று படித்தது. ஆண்கள் ஐந்து பேர் என்பதால் மூன்றாவது ஆளே நடுவாள்: 8,600. பெண்கள் ஆறு பேர். ஒற்றை நடு கிடையாது, மூன்றாவதையும் நான்காவதையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும்: 6,600-க்கும் 6,800-க்கும் நடுவே 6,700. வித்தியாசம் 1,900 ரூபாய். அதை ஆண்களின் இடைநிலையால் வகுத்து நூறால் பெருக்கினால் 22.1 சதவீதம்.

அதே பதினொரு பேர், அதே மாதம், அதே பதிவேடு. ஒரு கணக்கு மூன்று சதவீதம் என்கிறது, இன்னொன்று இருபத்திரண்டு என்கிறது. தொழிலாளர் அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இரண்டில் எதை நான் எடுத்துக்கொள்வது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இரண்டையுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் பதில். சராசரி, மொத்தச் சம்பளப் பணம் இரு பாலருக்கும் எப்படிப் போகிறது என்பதைச் சொல்கிறது. இடைநிலை, வரிசையின் நடுவில் நிற்கும் ஆளின் நிலையைச் சொல்கிறது. இரண்டும் அருகருகே வந்தால் வரிசையில் விபரீதம் எதுவும் இல்லை. இவ்வளவு தூரம் விலகி நின்றால் யாரோ ஓரிருவர் ஒரு பக்கத்துக் கணக்கை இழுக்கிறார்கள் என்று பொருள். அந்த ஓரிருவர் யார் என்று தேடிப் போக வேண்டும்.

பிரிட்டனில் 2017-இல் வந்த விதிகள் இந்தக் காரணத்துக்காகத்தான் இரண்டையும் கேட்கின்றன. 250 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறை சராசரி இடைவெளியையும் இடைநிலை இடைவெளியையும் சேர்த்தே வெளியிட வேண்டும். சூத்திரம் நான் சொன்னதுதான்: ஆண்களின் தொகையிலிருந்து பெண்களின் தொகையைக் கழித்து, ஆண்களின் தொகையால் வகுத்து, நூறால் பெருக்குவது. நம் நாட்டில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்கள் செபிக்குத் தரும் அறிக்கையிலும் ஆண், பெண் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளம் தனித்தனியாக இடம்பெறுகிறது. செஞ்சிச் சாலையோரத்து மணிலா நிறுவனத்தை இப்படிக் கேட்க எந்த விதியும் இல்லை. அங்கே ஒரு அம்மாவின் நோட்டுப் பக்கம்தான் அந்த அறிக்கை.

அடுத்து, இழுப்பவர்கள் இருவரையும் வெளியே வைத்துப் பார்த்தோம். மேற்பார்வையாளரின் வேலையும் ஆய்வகப் பொறுப்பாளரின் வேலையும் மற்ற ஒன்பது பேரின் வேலையிலிருந்து வேறுபட்டவை. அதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. மிச்சம் நான்கு ஆண்கள், ஐந்து பெண்கள். ஆண்களின் சராசரி 8,575, பெண்களின் சராசரி 6,620; இடைவெளி 22.8 சதவீதம். ஆண்களின் இடைநிலை 8,550, பெண்களின் இடைநிலை 6,600. இடைவெளி அதே 22.8 சதவீதம். இரண்டு கணக்கும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி வேலை பார்ப்பவர்களைச் சரியாகப் பிரித்தெடுத்திருக்கிறோம் என்பதற்கு அது ஓர் அடையாளம். சாட்சியம் ஆகாது, அடையாளம்தான்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு நியாயமான ஆட்சேபம் சொன்னது. ஆண்களின் மாதச் சம்பளத்துக்குள் மிகுநேர ஊதியம் கலந்திருக்கிறது. ராத்திரி வரும் லாரிகளுக்கு ஆண்கள்தான் நிற்கிறார்கள். பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தோம், உண்மைதான். நால்வருக்கும் மாதம் 500 ரூபாய் அந்த வகையில் போயிருந்தது. மாதச் சம்பளத்தை வைத்து இடைவெளி கணக்கிடுபவர்கள் தடுக்கி விழும் இடமே இதுதான். ஒருவர் அதிக நேரம் உழைத்துப் பெற்ற பணத்தை, வேலைக்கான விலை என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டன் விதிகள் மணிக்கூலியைப் பிடித்துக்கொள்வதும் மிகுநேரத்தைக் கணக்கில் சேர்க்காததும் இதனால்தான்.

அந்த 500 ரூபாயை நானே கழித்துக் காட்டினேன். ஆண்களின் தொகைகள் 7,900, 8,000, 8,100, 8,300 என்று ஆயின. சராசரி 8,075. பெண்களின் 6,620-ஐக் கழித்தால் 1,455. இடைவெளி 18 சதவீதம். பக்கத்தில் இருந்த மேல்சித்தாமூர் அம்மாவுக்கு முகம் வாடியது. வெளியே வந்ததும், "இருபத்திரண்டுன்னு சொன்னீங்க, இப்ப பதினெட்டுக்கு எறக்கிட்டீங்களே சார்" என்றார். நான் இறக்காவிட்டால் அவர்கள் குறுக்கு விசாரணையில் இறக்குவார்கள், அப்போது நம்முடைய மற்ற கணக்குகளையும் அதிகாரி சந்தேகப்படுவார் என்று விளக்கினேன். எஞ்சிய பதினெட்டுக்கு அவர்களிடம் பதில் இருக்கிறதா என்பதுதான் இனி கேள்வி.

அவர் உடனே இன்னொன்று கேட்டார். "அப்ப எங்க சம்பளத்துல நூத்துக்குப் பதினெட்டு ஏத்திட்டா சரியாப் போயிடுமா?" பலர் இங்கே ஏமாந்து போகிறார்கள். 6,620-இல் பதினெட்டு சதவீதம் ஏற்றினால் 7,812 ரூபாய்தான் வரும். 8,075-ஐத் தொட இன்னும் 263 ரூபாய் வேண்டும். பதினெட்டு என்பது ஆண்களின் தொகையிலிருந்து அளந்த பள்ளம். பெண்களின் தொகையிலிருந்து ஏறி அதே உயரத்தை அடைய ஏறக்குறைய இருபத்திரண்டு சதவீதம் ஏற வேண்டும். பதினெட்டு சதவீத உயர்வு என்று ஒப்பந்தத்தில் எழுதி, "இடைவெளியை முழுசாக அடைத்துவிட்டோம்" என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கழித்தலைச் செய்து பார்க்க வேண்டும்.

சதவீதம் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விடும். இதற்கு மேல் அதால் நடக்க முடியாது. சட்டத்தின் நான்காவது பிரிவு சராசரியைப் பற்றியோ இடைநிலையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வேலை அல்லது ஒரே தன்மையுள்ள வேலை செய்யும் ஆணுக்குத் தருவதைவிடக் குறைவாகப் பெண்ணுக்குத் தரக் கூடாது என்றது, அவ்வளவுதான். ஆகவே வேலையை நிரூபித்தாக வேண்டும்.

நிறுவனத்தின் ஏட்டில் ஆண்கள் "தர உதவியாளர்", பெண்கள் "மாதிரி பிரிப்பவர்". பெயரே வேறு, அதனால் வேலையும் வேறு என்பது அவர்கள் வாதம். இந்தச் சட்டத்தின் எட்டாவது பிரிவின்படி முதலாளி ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டியிருந்தது. தொழிலாளர் வகை, வேலையின் சுருக்க விவரம், எத்தனை ஆண், எத்தனை பெண், சம்பள விகிதம், படிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதைத் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போட்டோம். வந்தது. தர உதவியாளருக்கு நேரே "மாதிரி எடுத்தல், தரம் பார்த்தல், சீட்டு எழுதுதல்" என்று இருந்தது. மாதிரி பிரிப்பவருக்கு நேரே வேலை விவரக் கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது.

அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பியவை சாம்பிள் சீட்டுகள். அந்த வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வந்து இறங்கும் ஒவ்வொரு சரக்கிலும் மூட்டைகளைக் குத்தூசியால் குத்திப் பயிறு எடுப்பார்கள். எல்லாவற்றையும் கலந்து, பங்கு போட்டுப் பங்கு போட்டுச் சிறு மாதிரியாக்குவார்கள். ஈரப்பத மீட்டரில் ஒரு பிடி போகும். பிறகு தராசில் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராமும் கொஞ்சமும், நிறுத்து எத்தனை பயிறு என்று எண்ணுவார்கள். ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் நின்றால் "50/60" என்று தரம். எண்ணிக்கை கூடக்கூடப் பயிறு பொடி, விலை இறங்கும். அப்புறம் உடைசல், சொத்தை, நிறம் மாறியது என்று தனித்தனியே பொறுக்கி நிறுத்து, எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். விவசாயிக்கு மூட்டைக்கு என்ன விலை என்பதை அந்தச் சீட்டுதான் தீர்மானிக்கிறது. சீட்டில் தப்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்.

அந்தச் சீட்டுகளை வரவழைத்தோம். ஒரே கட்டில் ஆணின் கையெழுத்தும் பெண்ணின் கையெழுத்தும் மாறி மாறி வந்தன. அறுவடை நெரிசலில் ஆண் விடுப்பில் இருந்த நாட்களில் குத்தூசி பிடித்து மாதிரி எடுத்ததும் பெண்களே என்பதற்குச் சீட்டின் மேல் மூலையில் இருந்த பெயரே சாட்சி. மேற்பார்வையாளரைக் குறுக்கு விசாரணை செய்தபோது நான் நீளமாக எதுவும் கேட்கவில்லை. பெண் கையெழுத்திட்ட சீட்டுக்கு விவசாயிக்குக் குறைந்த விலையா கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். இல்லை என்றார். ஆண் கையெழுத்திட்ட சீட்டைத் திரும்ப ஒரு முறை சரிபார்க்காமல் விட்டு, பெண் கையெழுத்திட்டதை மட்டும் சரிபார்ப்பதுண்டா என்று கேட்டேன். அதற்கும் இல்லை என்றார்.

ஆண்கள் லாரி மேல் ஏறுகிறார்கள், மூட்டை புரட்டுகிறார்கள், அது பாரமான வேலை என்று ஒரு வாதம் வந்தது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. உண்மையிலேயே பாரமான வேலை ஆண்களிடம் மட்டும் இருந்தால் ஒப்பீடு உடைந்து போகும். ஆனால் அந்த முற்றத்தில் மூட்டை புரட்டியது சுமை தூக்கும் தொழிலாளர்கள், மூட்டைக்கு இவ்வளவு என்ற கூலிக்கு. அந்தக் கூலி வவுச்சர்கள் நிறுவனத்தின் கணக்கிலேயே இருந்தன. தர உதவியாளர் லாரிப் பக்கத்தில் நின்று ஊசியைக் குத்தினார், அவ்வளவுதான்.

இங்கேதான் எங்களுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கை கொடுத்தது. மெக்கின்னான் மெக்கென்சி கம்பெனிக்கும் ஆட்ரி டி'கோஸ்டா என்ற சுருக்கெழுத்தாளருக்கும் நடந்த வழக்கு. 1987 மார்ச்சில் நீதிபதி இ.எஸ். வெங்கடராமையா அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. பம்பாயில் அந்தக் கம்பெனியில் ஆண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஒரு சம்பளம். உயர் அதிகாரிகளோடு இணைக்கப்பட்ட "அந்தரங்கப் பெண் சுருக்கெழுத்தாளர்"களுக்கு அதைவிடக் குறைவு. கம்பெனி சொன்னது: அந்தப் பதவியில் ஆண்களே இல்லை, எனவே ஆண் பெண் பேதம் என்ற பேச்சே எழாது, தவிர, தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் இந்தச் சம்பளத்தை நிர்ணயித்தோம். நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. ஒரே தன்மையுள்ள வேலையா என்று பார்க்கும்போது விரிந்த பார்வையோடு பார்க்க வேண்டும், சில்லறை வித்தியாசங்களைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் கோரிக்கையைத் தோற்கடிக்கக் கூடாது என்றது. பெண்கள் மட்டும் அந்த இருக்கையில் இருப்பதற்குக் காரணம் நிர்வாகம் அவர்களை அங்கே வைத்ததுதான் என்பதையும் கண்டது. கம்பெனியின் நிதி நிலைமை இடம் தரவில்லை என்ற வாதத்துக்கும் பதில் தெளிவாக இருந்தது: இந்தச் சட்டம் பொருந்துவது முதலாளியின் வசதியைப் பொறுத்ததல்ல.

எங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு கடைசியாகச் சொன்னதும் வசதியில்லை என்பதுதான். அந்த வருடம் மணிலா விலை விழுந்திருந்தது என்பதற்கு ஆவணம் காட்டினார்கள். ஆவணம் உண்மை. சட்டத்தில் அதற்கு இடமில்லை. சமப்படுத்துவதற்காக ஆண்களின் சம்பளத்தைக் குறைக்கவும் சட்டம் இடம் தரவில்லை. அந்த நான்காவது பிரிவிலேயே அது தனியாகத் தடுக்கப்பட்டிருந்தது. நால்வரில் ஒருவர், "எங்க சம்பளத்துல கை வெச்சிடுவாங்களா சார்?" என்று அலுவலக வளாகத்தில் என்னைத் தனியே கேட்டார். இல்லை என்று அந்த வரியைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட வழக்குகளில் ஆண் தொழிலாளிக்கு அந்தப் பயத்தைத் தீர்ப்பது பாதி வேலை என்று நான் நினைக்கிறேன்.

அவர் சாட்சியத்தில் ஒரு முக்கியமான விஷயம் வெளியே வந்தது. நியமன உத்தரவைக் காட்டினார். சேரும்போது அடிப்படை 7,500. மேல்சித்தாமூர் அம்மாவின் உத்தரவில் 6,000. இருவருக்கும் வருடம் 100 ரூபாய் உயர்வு. ஆறு வருடத்தில் அவர் 8,100, இவர் 6,600. ஆக, 1,500 ரூபாய் வித்தியாசம் திறமையாலோ உழைப்பாலோ வளர்ந்தது அல்ல. சேர்ந்த முதல் நாளிலேயே வைக்கப்பட்டது. இதில் இன்னொரு கண்கட்டும் உண்டு. முதல் நாள் 7,500-க்கு 1,500 என்றால் இருபது சதவீதம். ஆறு வருடம் கழித்து 8,100-க்கு அதே 1,500 என்றால் 18.5 சதவீதம். இருவருக்கும் ஒரே ரூபாய் உயர்வு கொடுத்துக்கொண்டே போனால் சதவீதம் தானாக இறங்கும். ரூபாய் ஒரு காசு குறையாது. இடைவெளி வருடா வருடம் சுருங்கி வருகிறது என்று எதிர்த்தரப்பு ஒரு வரைபடம் காட்டப் பார்த்தது. நியமன உத்தரவுகளை அருகில் வைத்ததும் அந்த வரைபடத்தை அவர்களே விட்டுவிட்டார்கள்.

நிவாரணம் கேட்கும்போது சராசரியும் இடைநிலையும் முழுக்க விலகிக்கொள்கின்றன. பதினெட்டு சதவீதத்தை ஐவருக்கும் பொதுவாகப் போட்டுக் கேட்க முடியாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரோடு ஒத்த பணிக்காலம் உள்ள ஆண் யார் என்று பார்த்து, இருவருக்கும் உள்ள ரூபாய் வித்தியாசத்தைக் கேட்க வேண்டும். 6,600-க்கு நேரே 8,100. 6,800-க்கு நேரே 8,300. 6,400 வாங்கிய இருவருக்கும் நேரே 7,900. நால்வருக்கும் 1,500. மூத்தவரான 6,900-க்கு இணையான பணிக்காலம் எந்த ஆணுக்கும் இல்லை. ஆண்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள். தன்னைவிட ஒரு வருடம் இளையவரான ஆணுக்கு 8,300 என்றால் தனக்கு அதற்குக் குறையக் கூடாது என்ற அளவில் அவருக்கு 1,400 கேட்டோம். அவருக்கு இதில் வருத்தம் இருந்தது. ஒரு வருட உயர்வு 100 ரூபாயையும் சேர்த்து 8,400 கிடைக்க வேண்டும் என்றார். நியாயம் அவர் பக்கம். ஆனால் இல்லாத ஒரு ஆணை ஒப்பீட்டுக்கு நிறுத்துவது அந்தச் சட்டத்தின் வார்த்தைகளில் கடினம். கிடைக்கக்கூடியதை உறுதியாகப் பெறுவோம் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

பதிவேடுகள் கிடைத்த 36 மாதங்களுக்குக் கணக்குப் போட்டோம். நால்வருக்குத் தலா 54,000 ரூபாய், மூத்தவருக்கு 50,400. அதிகாரி கோரிக்கையை ஏற்று உத்தரவிட்டார். நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. அங்கே நடந்த பேச்சில், சம்பளத்தை உடனே சமமாக்குவது, நிலுவையைத் தவணையாகத் தருவது என்று எழுத்தில் முடிந்தது. எழுதும்போது சதவீதம் எதையும் நான் உள்ளே விடவில்லை. ஐந்து பெயர், ஐந்து தொகை, எந்த மாதத்திலிருந்து என்பது மட்டும். மூத்தவருக்கு அந்த 100 ரூபாயை நிர்வாகமே சேர்த்துக் கொடுத்தது. பேச்சுவார்த்தையில் கிடைப்பது சில நேரம் சட்டம் தருவதைவிட ஒரு படி அதிகம்.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரே வேலை, ஒரே தன்மையுள்ள வேலை என்ற அடிப்படை அதிலும் அப்படியே தொடர்கிறது. கோரிக்கை வைக்க மூன்று வருடக் கெடு உண்டு. நோட்டுப் பக்கத்தோடு வருபவர்கள் தேதியையும் சேர்த்து எழுதிக்கொண்டு வருவது இனி மிகவும் அவசியம்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தார். எதிர்த்தரப்பின் 3.1 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தவர் அவர்தான். தன் சம்பளத்தைக் காட்டி மற்ற பெண்களின் குறையை மறைத்தது அவருக்கு உறுத்தியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. "எனக்கு முன்னாடி இந்த இடத்துல இருந்தவர் ஆண். அவருக்கு என்னைவிட அதிகம் கொடுத்தாங்க. நான் யாரோட ஒப்பிட்டுக் கேக்கறது சார்?"

அவருடைய பதவியில் அவர் ஒருவரே. சராசரியும் கிடையாது, இடைநிலையும் கிடையாது, பக்கத்து மேசையில் ஒரு ஆணும் கிடையாது. இந்தக் கேள்வி முன்பே ஒரு முறை எழுந்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். இங்கிலாந்தில் மக்கார்த்திஸ் என்ற மருந்து மொத்த வியாபார நிறுவனத்தில் வெண்டி ஸ்மித் என்ற பெண் 1976-இல் கிடங்கு மேலாளராகச் சேர்ந்தார். அவருக்கு வாரம் 50 பவுண்டு. அவருக்கு முன் அதே நாற்காலியில் இருந்த ஆணுக்கு 60 பவுண்டு. இருவரும் ஒரே காலத்தில் வேலை செய்யவில்லையே என்று நிறுவனம் வாதாடியது. ஐரோப்பிய நீதிமன்றம் 1980 மார்ச்சில், ஒரே காலத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, முன்னவரோடும் ஒப்பிடலாம் என்றது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் வாதமாக எடுத்து வைக்கலாம்.

அவர் வழக்குப் போடவில்லை. முன்னவரின் நியமன உத்தரவு நகலும், தன்னுடைய உத்தரவு நகலும், இரண்டு பேரும் கையெழுத்திட்ட சோதனைச் சான்றிதழ்களும் சேர்த்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுத உதவி கேட்டார். அன்றே உட்கார்ந்து எழுதினோம்.